இடது ஊசல் நின்று வலது ஊசல் ஆடுகிறது: பாதியில் ஏன் நிற்பதில்லை?

மணிவண்ணன் | சனி, இரவு 9:10

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்காக இரண்டு ஊசல்களைச் சேர்த்துக் கட்டினோம். இரண்டு மர நாற்காலிகளின் முதுகுகளுக்கு நடுவே, 90 செ.மீ. இடைவெளியில், குறுக்காக ஒரு நைலான் நூல். அதில் 30 செ.மீ., 60 செ.மீ. இடங்களில் ஒவ்வொரு ஊசல். நூலின் நீளம் 50 செ.மீ., முனையில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய ஒரே மாதிரியான பெரிய நட்டுகள். நட்டுகளின் எடையில் குறுக்கு நூல் நடுவில் 6 செ.மீ. தொய்கிறது. நாற்காலிகள் நகராமல் இருக்க மேலே புத்தகக் கட்டுகளை ஏற்றி வைத்திருக்கிறோம்.

இடது நட்டை மட்டும் குறுக்கு நூலுக்குச் செங்குத்தாக, நம் பக்கமாக 10 செ.மீ. இழுத்து விட்டால், அது ஆட ஆடக் குறைகிறது. சும்மா தொங்கிய வலது நட்டு தானாக ஆடத் தொடங்குகிறது. ஏறக்குறைய 20 வினாடியில் இடது கிட்டத்தட்ட நின்றேவிடுகிறது, வலதுதான் முழு வேகத்தில். அப்புறம் திரும்பவும் இடது.

மகள் கேட்டது: "சூடான தண்ணியையும் பச்சைத் தண்ணியையும் கலந்தா ரெண்டும் சமமாகி நிக்குதே, இது ஏன் சமமானதும் நிக்காம தாண்டிப் போகுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. நூல் இழுக்கிறது என்பது புரிகிறது. எந்தப் பக்கம் கொடுக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பது எப்படி முடிவாகிறது?

ராம்குமார்87 | சனி, இரவு 9:42

இது ஒத்ததிர்வு, வேறொன்றுமில்லை. இரண்டுக்கும் ஒரே நீளம், அதனால் ஒரே அலைவு நேரம். இடது ஆடும்போது குறுக்கு நூல் சரியான தாளத்தில் வலதை உலுக்குகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் மெல்லத் தள்ளினாலும் ஏறிக்கொண்டே போகுமல்லவா, அது போல. நீளத்தை மாற்றிப் பாருங்கள், வலது அசையக்கூட அசையாது. பாதியைத் தாண்டுவதற்குக் காரணம் வேகம். ஓடி வருபவர் கோட்டில் நிற்க முடியாமல் தாண்டிப் போவது போல ஆற்றலும் தாண்டிப் போகிறது.

சேது_மதுரை | சனி, இரவு 10:05

மேசை மேல் வைக்கும் ஐந்து எஃகுக் குண்டு பொம்மையா? ஒரு பக்கம் ஒரு குண்டு மோதினால் மறுபக்கம் ஒன்று கிளம்பும். உந்தம் மாறாது என்பதுதான் அதன் கணக்கு.

மணிவண்ணன் | சனி, இரவு 10:20

சேது சார், இது அந்தப் பொம்மை இல்லை. நட்டுகள் ஒன்றையொன்று தொடுவதே கிடையாது, நடுவே 30 செ.மீ. இருக்கிறது. குறுக்கு நூல் மட்டும்தான் இணைப்பு.

ராம்குமார் சார், வலது ஏன் ஏறுகிறது என்பது நீங்கள் சொன்னதில் விளங்கியது. ஆனால் பாதிப் பாதி ஆன நேரத்தில் இரண்டும் ஒரே அளவில் ஆடுகின்றன, இரண்டும் நூலை ஒரே அளவில் உலுக்குகின்றன. அப்படியிருந்தும் இடது மட்டும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, வலது மட்டும் வாங்கிக்கொண்டே இருக்கிறது. ஆற்றல் ஓடி வருகிறது என்றால் அந்த ஓட்டம் எங்கே இருக்கிறது?

லேப்_வாத்தியார் | ஞாயிறு, காலை 6:30

உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி. 31 வருடம் கல்லூரி ஆய்வகத்தில் இந்தச் சோதனையை வைத்திருக்கிறேன். "அளந்து முடித்தாயிற்று" என்று போகிறவர்கள்தான் அதிகம், இதைக் கேட்டவர்கள் சிலரே.

பதில் சொல்வதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, இரண்டு நட்டுகளையும் ஒரே பக்கம், ஒரே அளவு, 5 செ.மீ. இழுத்து ஒரே நேரத்தில் விடுங்கள். ஒரு நீள ஸ்கேலால் இரண்டையும் சேர்த்துத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஸ்கேலைச் சட்டென்று எடுத்துவிட்டால் சரியாக வரும். 20 ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணுங்கள். போய்த் திரும்பி வருவது ஒரு ஆட்டம். அடுத்து, ஒன்றை உங்கள் பக்கமும் மற்றதை எதிர்ப்பக்கமும் அதே 5 செ.மீ. இழுத்து விட்டு 20 ஆட்டம் எண்ணுங்கள். ஆற்றல் கைமாறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

மணிவண்ணன் | ஞாயிறு, காலை 8:15

செய்துவிட்டோம். சேர்த்து விட்டபோது 20 ஆட்டத்துக்கு 30.0 வினாடி. எதிரெதிராக விட்டபோது 28.9. மூன்று முறை பார்த்தோம், 0.2 வினாடி முன்னே பின்னே வருகிறது, ஆனால் எதிரெதிர் எப்போதும் குறைவுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு முறையிலும் கைமாறவே இல்லை! அப்படியே ஆடிக்கொண்டு மெதுவாக அடங்குகின்றன. சேர்த்து விட்டதில் மட்டும் இடது கொஞ்சம் ஏறி இறங்குவது போலத் தெரிந்தது. ஆனால் நிற்கும் அளவுக்குப் போகவில்லை.

லேப்_வாத்தியார் | ஞாயிறு, காலை 10:40

அந்த "இடது கொஞ்சம் ஏறி இறங்கியது" என்பதை மறக்காமல் வைத்திருங்கள், பின்னால் வருவோம்.

இந்த அமைப்புக்கு மாறாமல் ஆடத் தெரிந்த விதம் இரண்டே இரண்டு. அவற்றைச் சேர்ந்தாட்டம், எதிராட்டம் என்று வைத்துக்கொள்வோம். கல்லூரியில் நார்மல் மோட் என்று சொல்வது இவற்றைத்தான். இரண்டுக்கும் ஏன் வெவ்வேறு நேரம் என்பது உங்கள் குறுக்கு நூலைப் பார்த்தாலே தெரியும். சேர்ந்தாட்டத்தில் இரண்டு முடிச்சுகளும் ஒரே பக்கம் நகர்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள நூல் துண்டு சாயாமல் அப்படியே கூடப் போகிறது, எதிர்ப்பே காட்டுவதில்லை. எதிராட்டத்தில் ஒரு முடிச்சு முன்னே, மற்றது பின்னே. நடுத்துண்டு சாய்ந்து இரண்டையும் தடுக்கிறது. உங்கள் மாதிரி மூன்று சம பாகமாகக் கட்டினால் அப்போது நூல் மூன்று மடங்கு விறைப்பாக நடந்துகொள்ளும்.

முடிச்சு நகர்ந்தால் ஊசல் அந்த அளவுக்கு நீண்டதாகக் கணக்கு. சேர்ந்தாட்டத்தில் மொத்த அமைப்பும் நாற்காலிகளில் கட்டிய இரண்டு முனைகளையும் சேர்க்கும் கோட்டைச் சுற்றி ஒரே பலகை போல ஆடுகிறது. அதனால் நீளம் 50 அல்ல, தொய்வையும் சேர்த்து 56 செ.மீ. எதிராட்டத்தில் தொய்வில் மூன்றில் ஒரு பங்குதான் சேரும், அதாவது 52 செ.மீ. தனி ஊசல் சூத்திரத்தில் போட்டால் 20 ஆட்டத்துக்கு 30.04 வினாடி, 28.95 வினாடி. நீங்கள் அளந்தது 30.0, 28.9.

இப்போது இடதை மட்டும் 10 செ.மீ. இழுத்து விடுவதைப் பாருங்கள். இடது 10, வலது 0. இதையே சேர்ந்தாட்டம் 5, எதிராட்டம் 5 என்று பிரிக்கலாம். இடதில் இரண்டும் ஒரே பக்கம், 5 + 5. வலதில் ஒன்று முன்னே, ஒன்று பின்னே, 5 − 5. வலது சும்மா தொங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அங்கே இரண்டு ஆட்டங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருக்கின்றன.

கையை விட்டதும் இரண்டும் அவரவர் பாட்டுக்கு ஆடுகின்றன. எதிராட்டம் கொஞ்சம் வேகமானது, அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் சற்று முந்துகிறது. எப்போது சரியாக அரை ஆட்டம் முந்துகிறதோ, அப்போது எதிராட்டம் முழுக்கத் திரும்பிவிட்டிருக்கும். இடதில் 5 − 5, வலதில் 5 + 5. இடது நின்றுவிட்டது! ஒரு முழு ஆட்டம் முந்தியதும் பழையபடி இடது. உங்கள் அளவுகளுக்கு, சேர்ந்தாட்டம் 26.5 தடவை ஆடும் நேரத்தில் எதிராட்டம் 27.5 தடவை ஆடிவிடும். அந்த நேரம் 39.8 வினாடி. அதில் பாதிதான் நீங்கள் பார்த்த 20 வினாடி.

பாதியில் ஏன் நிற்பதில்லை என்பதற்கு இதுவே பதில். பாதிப் பாதி என்பது எதிராட்டம் கால் ஆட்டம் முந்திய நேரம், அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் சின்ன முள்ளைத் தாண்டிப் போகும்போது நடுவில் எங்கேயாவது நிற்கக் காரணம் உண்டா? அது போல.

ஒரு எச்சரிக்கை. அந்த 30.0, 28.9 என்ற இரண்டு எண்களை வைத்து 40 வினாடியைக் கணக்கிட்டுக் கண்காட்சியில் எழுதாதீர்கள். மிக நெருங்கிய இரண்டு எண்களின் வித்தியாசம் அது. 28.9 என்பது 28.7 ஆனால் 33 வினாடி வரும், 29.1 ஆனால் 48 வரும். கைமாறும் நேரத்தை நேராகவே ஸ்டாப்வாட்ச்சில் எடுங்கள்.

ஹரிணி | ஞாயிறு, பகல் 12:05

சார், எனக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. சேர்ந்தாட்டத்தின் ஆற்றல் மாறவில்லை. எதிராட்டத்தின் ஆற்றலும் மாறவில்லை. ஒன்று மற்றதற்கு எதையும் கொடுப்பதில்லை. அப்படியானால் போவது எது?

ராம்குமார்87 | ஞாயிறு, பகல் 12:50

ஹரிணி கேட்டதுதான் என் சந்தேகமும். 10ஐ 5 + 5 என்று பிரிப்பது கணக்கு வசதி. நட்டுக்கு 5 + 5 தெரியாது. நிஜத்தில் நடப்பது நூல் இழுப்பதுதான். இழுவிசையை வைத்துச் சொல்ல முடியவில்லை என்றால் அது காரணம் ஆகாது, விவரிப்புதான்.

லேப்_வாத்தியார் | ஞாயிறு, மாலை 4:20

ராம்குமார், இழுவிசையை வைத்தும் சொல்லலாம். நீங்கள் முதலில் எழுதிய ஊஞ்சல் உதாரணத்திலேயே அது இருக்கிறது, ஒரு படி கூடுதலாகப் போக வேண்டும்.

ஊஞ்சலைத் தள்ளுபவர் எப்போது தள்ளுகிறார்? ஊஞ்சல் போகும் பக்கமாகவே தள்ளுகிறார். போகும் திசையில் விசை கொடுத்தால் ஆற்றல் ஏறும், எதிர்த்திசையில் கொடுத்தால் இறங்கும். உங்கள் அமைப்பில் இடது நட்டு எந்தப் பக்கம் விலகி இருக்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் வலதை நூல் இழுக்கும். ஆகவே பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இடது முன்பக்க உச்சியில் இருக்கும்போது வலது எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறது?

மணிவண்ணன், போனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். கைமாறுதல் பாதியில் இருக்கும்போது, அதாவது விட்டதிலிருந்து 10 வினாடி ஆனபோது, இடது உச்சியில் இருக்கும் படத்தில் நிறுத்துங்கள். கேமராவை மேலே வைத்துக் கீழ்நோக்கி எடுத்தால் திசை தெளிவாகத் தெரியும்.

மணிவண்ணன் | ஞாயிறு, இரவு 8:35

மகள் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தாள். 10வது வினாடிப் பக்கம் நிறுத்திப் பார்த்தோம். இடது முன்பக்க உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அதே கணத்தில் வலது சரியாக நடுவைக் கடந்து முன்பக்கமாகப் போகிறது. கால் ஆட்டம் தள்ளி, வலது முன்பக்க உச்சிக்கு வரும்போது இடது நடுவைக் கடந்து பின்பக்கமாகப் போகிறது. எல்லா ஆட்டத்திலும் இப்படியே. வலது எப்போதும் கால் ஆட்டம் பின்னால்.

25, 30 வினாடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தால் தலைகீழ். இடதுதான் கால் ஆட்டம் பின்னால் வருகிறது.

லேப்_வாத்தியார் | ஞாயிறு, இரவு 9:15

நீங்கள் எழுதிய இரண்டு வரிகளிலேயே எல்லாம் இருக்கிறது. இடது முன்னே இருக்கிறது, வலதை முன்னே இழுக்கிறது, வலதும் முன்னேதான் போய்க்கொண்டிருக்கிறது. வலதுக்கு லாபம். கால் ஆட்டம் கழித்து வலது முன்னே இருக்கிறது, இடதை முன்னே இழுக்கிறது, ஆனால் இடது பின்னே போய்க்கொண்டிருக்கிறது. இடதுக்கு பிரேக். பாதிப் பாதி ஆனாலும் இந்தக் கால் ஆட்டத் தள்ளல் மாறவில்லையே! ஆகவே கொடுப்பது நிற்காது. தண்ணீரில் சூடு எந்தப் பக்கம் போகும் என்பதை எந்தப் பக்கம் அதிகம் என்பது முடிவு செய்கிறது. இங்கே அதை முடிவு செய்வது யார் முன்னால், யார் பின்னால் என்பதுதான். அளவுக்கு அதில் பங்கே இல்லை.

இடது நின்றதும் என்ன நடக்கிறது? வலது முழு வீச்சில் ஆடுகிறது, நின்றுபோன இடதை இழுக்கிறது. நின்ற ஊசலை இழுத்தால் அது இழுப்பவருக்குக் கால் ஆட்டம் பின்னால்தான் கிளம்பும். ஆகவே பாத்திரங்கள் மாறிவிடுகின்றன. இடது திரும்பி வரும்போது தன் பழைய தாளத்துக்கு நேர் எதிராக ஆடும். வீடியோவில் 0 முதல் 15 வினாடி வரை இடதுடன் சேர்ந்து கை தட்டிக்கொண்டே வந்து, இடது நின்ற பிறகும் அதே தாளத்தை விடாமல் தட்டுங்கள். 25வது வினாடியில், நீங்கள் முன்னே என்று தட்டும்போது அது பின்னே இருக்கும்.

ஹரிணிக்கு: இரண்டு மோடுகளுக்கு நடுவே எதுவும் போவதில்லை, நீங்கள் சொன்னது சரி. இடது, வலது என்று நாம் பிரித்துப் பார்ப்பதால்தான் போவது தெரிகிறது. சேர்த்து விட்டாலும் எதிரெதிராக விட்டாலும் கால் ஆட்டத் தள்ளல் இல்லை. ஒருவர் உச்சியில் இருக்கும்போது மற்றவரும் உச்சியில். நூல் இழுக்கும், ஆனால் ஒரு ஆட்டத்தில் கொடுத்ததும் வாங்கியதும் சமம். அதனால்தான் அந்த இரண்டும் மாறாமல் ஆடின.

ராம்குமார்87 | ஞாயிறு, இரவு 10:00

கால் ஆட்டத் தள்ளல் விளக்கம் எனக்கு முழு திருப்தி. நான் "ஓடி வந்து தாண்டுகிறது" என்றது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காரணம் என்பது இதுதான், 5 + 5 அல்ல என்றே நினைக்கிறேன்.

லேப்_வாத்தியார் | ஞாயிறு, இரவு 10:20

உங்கள் விளக்கத்தில் 20 வினாடி என்ற எண் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைசியில் 56க்கும் 52க்கும்தான் வந்து சேர்வீர்கள். எதைக் காரணம் என்று சொல்வது என்பதில் உங்களோடு வாதாட மாட்டேன். எனக்கு இரண்டும் வேண்டும்.

பூங்கொடி | திங்கள், காலை 7:05

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் ஒரே இரும்புச் சட்டத்தில் இரண்டு ஊஞ்சல் இருக்கிறது. பையன் ஒன்றில் ஆடும்போது பக்கத்தில் காலியாக இருப்பது தானாக ஆடும். காற்று என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பல நாள் பார்த்திருக்கிறேன், காற்றே இல்லாதபோதும் ஆடும். இதுவும் அதுதானா? அப்படியானால் என் பையனின் ஊஞ்சல் ஏன் நிற்கவே இல்லை?

லேப்_வாத்தியார் | திங்கள், காலை 9:30

அதுதான் அம்மா. சட்டத்தின் மேல் குழாய் கொஞ்சம் அசைகிறது, மணிவண்ணனின் குறுக்கு நூல் செய்யும் வேலையை அது செய்கிறது. பையனின் ஊஞ்சல் நிற்காததற்கு இரண்டு காரணங்கள். பையன் காலை வீசி வீசி ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறான். இன்னொன்று, இரண்டுக்கும் தாளம் ஒன்றல்ல. உட்கார்ந்தவரின் எடை மையம் பலகைக்கு மேலே இருப்பதால் அவன் ஊஞ்சல் கொஞ்சம் நீளம் குறைந்த ஊசலாக நடந்துகொள்கிறது. ஏறத்தாழ ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, ஒருவரைத் தள்ளிவிட்டு, இருவரும் காலை அசைக்காமல் இருக்கச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் அசையாமல் இருப்பதுதான் கஷ்டம்.

மணிவண்ணன் | திங்கள், இரவு 8:00

ஒரு குறை. எங்கள் இடது முழுக்க நிற்பதில்லை. 10 செ.மீ. இழுத்து விட்டால் 20வது வினாடியிலும் 2.5 செ.மீ. அளவுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. மூன்று சுற்றுக்கு நேரம் எடுத்தோம்: 1 நிமிடம் 56 வினாடி. ஒரு சுற்றுக்கு 38.7. சார் சொன்ன 39.8ஐ விடக் குறைவு. காற்றின் தடையா?

லேப்_வாத்தியார் | திங்கள், இரவு 9:05

காற்று இரண்டையும் சேர்த்துத்தான் குறைக்கும், இடதில் மட்டும் மிச்சம் வைக்காது. சேர்த்து விட்டபோது "இடது கொஞ்சம் ஏறி இறங்கியது" என்றீர்களே, அதுவும் இதுவும் ஒரே நோய். உங்கள் இரண்டு ஊசல்களும் ஒரே நீளம் இல்லை. முடிச்சிலிருந்து நட்டின் நடு வரை அளந்து பாருங்கள். நூலை வெட்டியபோது சமமாக இருந்திருக்கும், கட்டும்போது முடிச்சு தின்றிருக்கும். மிச்ச வீச்சைப் பார்த்தால் வித்தியாசம் ஏறக்குறைய 1 செ.மீ. இருக்க வேண்டும்.

மணிவண்ணன் | திங்கள், இரவு 9:50

இடது 50.5, வலது 49.5. சரியாக 1 செ.மீ.!

ஐம்பதில் ஒன்று, அதாவது 2 சதவீதம். அதற்கு நாலில் ஒரு பங்கு வீச்சு மிச்சமாகுமா?

லேப்_வாத்தியார் | செவ்வாய், காலை 6:45

ஆகும். 1 செ.மீ. வித்தியாசத்தை 50ஓடு ஒப்பிடக் கூடாது, இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது. ஒப்பிட வேண்டியது 56க்கும் 52க்கும் உள்ள 4 செ.மீ. உடன். அந்த நாலுதான் இணைப்பின் பலம். ஒன்றுக்கு நாலு என்பதால்தான் நாலில் ஒரு பங்கு வீச்சு மிச்சம். ஆற்றல் வீச்சின் இருபடியில் போவதால், ஆற்றலாகப் பார்த்தால் 6 சதவீதம்தான் இடதில் தங்குகிறது. 94 சதவீதம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது வீச்சு, அதனால் பெரிதாகத் தெரிகிறது. ஒரு சுற்று 39.8லிருந்து 38.6க்கு இறங்குவதும் இதனால்தான்.

ராம்குமார் முதலில் "நீளத்தை மாற்றினால் அசையக்கூட அசையாது" என்றார். அசையும். எவ்வளவு என்பதை அந்த நாலுதான் தீர்மானிக்கும். 10 செ.மீ. மாற்றினாலும் வலது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வீச்சில் ஆடும்.

சமமாக்கிய பிறகு இன்னொன்று செய்து பாருங்கள். குறுக்கு நூலை இறுக்கித் தொய்வை 3 செ.மீ. ஆக்குங்கள். நீளங்கள் 53, 51 ஆகும், வித்தியாசம் 2 தான். ஒரு சுற்றுக்கு 75 வினாடி ஆகும். கைமாறுதல் மெதுவாகும், ஆனால் சமமாக இருந்தால் அப்போதும் முழுவதுமாகக் கைமாறும். பலவீனமான இணைப்பு என்றால் குறைவாகத்தான் போகும் என்று மாணவர்கள் எழுதுவார்கள். நேரம்தான் கூடும். ஆனால் அந்த நிலையில் பழைய 1 செ.மீ. தவறு இருந்தால் கிட்டத்தட்ட பாதி வீச்சு மிச்சம் நிற்கும். இணைப்பு மெலிய மெலிய நீளத்தில் கறாராக இருக்க வேண்டும்.

ராம்குமார்87 | செவ்வாய், பகல் 1:30

10 செ.மீ. மாற்றிப் பார்த்தேன், வீட்டில் நானும் கட்டிவிட்டேன். அசைகிறது, ஆனால் குறைவாக, அடிக்கடி ஏறி இறங்குகிறது.

ஒரு கேள்வி. டச்சு விஞ்ஞானி ஹாய்கன்ஸ் 1665ல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒன்றாகத் தொங்கிய தன் இரண்டு ஊசல் கடிகாரங்கள் எதிரெதிராக, ஒரே தாளத்தில் ஆடுவதைக் கவனித்தார். குலைத்துவிட்டாலும் அரை மணிக்குள் திரும்பவும் அதே நிலைக்கு வந்தன. அங்கேயும் பொதுவான கட்டைதான் இணைப்பு. அங்கே ஏன் ஒன்று நின்று மற்றது ஆடவில்லை?

லேப்_வாத்தியார் | செவ்வாய், மாலை 5:10

அவை கடிகாரங்கள். எடையும் பல்சக்கரமும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஊசலுக்குத் தட்டுக் கொடுத்து அதை ஓட வைக்கின்றன. மணிவண்ணனின் நட்டுகளுக்கு அது கிடையாது. ஆனால் இணைப்பு அதேதான். சேர்ந்தாட்டம் தாங்கும் கட்டையை உலுக்குகிறது, அந்த உலுக்கலில் ஆற்றல் கரைகிறது. எதிராட்டத்தில் இரண்டு உலுக்கலும் பெருமளவு ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன, கட்டை சும்மா இருக்கிறது. ஆகவே சேர்ந்தாட்டம் செத்துப்போய் எதிராட்டம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரே மோட் மிஞ்சினால் கைமாற எதுவும் இல்லை.

நம் அமைப்பிலும் நாற்காலிகள் லேசாக ஆடினால், கடைசியில் இதே போல ஆக வாய்ப்பு உண்டு. அப்போது மகள் எதிர்பார்த்த "சமமாகி நிற்பது" நடக்கும். தண்ணீரைப் போலச் சமமாவதால் அல்ல, இரண்டு ஆட்டங்களில் ஒன்று சீக்கிரம் இறந்துபோவதால்.

மணிவண்ணன் | புதன், இரவு 9:25

நீளத்தைச் சமமாக்கிவிட்டோம். முடிச்சுக்குப் பதில் நூலை ஒரு சின்ன பைண்டர் கிளிப்பில் பிடித்தால் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழுத்துச் சரிசெய்ய முடிகிறது. இப்போது இடதின் மிச்சம் அரை செ.மீ.க்கும் குறைவு. மூன்று சுற்று 1 நிமிடம் 59 வினாடி.

புத்தகக் கட்டுகளை எடுத்துவிட்டு, நாற்காலி கொஞ்சம் ஆடும்படி வைத்து நெடுநேரம் விட்டுப் பார்த்தோம். முதல் சில சுற்றுகளில் இடது நன்றாக நிற்கிறது. போகப் போக நிற்பது குறைகிறது, மிச்சம் கூடிக்கொண்டே வருகிறது. கடைசியில் சில மில்லிமீட்டர் வீச்சில் இரண்டும் எதிரெதிராக ஆடுவது போலத்தான் மகளுக்குத் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சின்ன ஆட்டத்தில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தவிர அதற்குள் நட்டுகள் நேர்கோட்டில் ஆடாமல் நீள்வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடுகின்றன.

ஹரிணி | புதன், இரவு 10:10

நீள்வட்டம் எனக்கும் வந்தது. விடும்போது குறுக்கு நூலுக்குச் சரியான செங்குத்தில் இல்லாவிட்டால் நூலின் நீளவாட்டிலும் கொஞ்சம் ஆட்டம் சேர்ந்துவிடும், அந்தத் திசைக்கு அலைவு நேரம் வேறு. நட்டை ஒரு மெல்லிய நூலால் சுவர்ப் பக்கம் கட்டி, அந்த நூலைத் தீக்குச்சியால் எரித்து விட்டபோது எனக்கு வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழுக்கப் போகவில்லை. எனக்கு நாற்காலி ஆடவிட்டும் கடைசியில் எதிராட்டம் மிஞ்சவில்லை, இரண்டும் கலந்தே அடங்கின. என் நாற்காலி பிளாஸ்டிக்.

லேப்_வாத்தியார் | வியாழன், காலை 6:20

பிளாஸ்டிக் முதுகு வளைந்து ஸ்பிரிங் மாதிரி திரும்பக் கொடுத்துவிடுகிறதோ என்னவோ, அப்படியானால் அது ஆற்றலைத் தின்னாது. இருவரும் ஒரு வேலை செய்யுங்கள்: முதலில் சேர்ந்தாட்டத்தை மட்டும் விட்டு வீச்சு பாதியாக எத்தனை வினாடி என்று எடுங்கள், பிறகு எதிராட்டத்துக்கும் அதே போல. மணிவண்ணன் மர நாற்காலியில், ஹரிணி பிளாஸ்டிக்கில். நான்கு எண்களையும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.